முதலில் அள்ளியது அடியில்

ஊத்துக்கோட்டை ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர் இந்தப் பக்கமாகத்தான் தமிழகத்துக்குள் நுழைகிறது. அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில், வடித்து தம் போடும் பிரியாணியை அடுப்புப் பற்றவைத்ததிலிருந்து பந்தி வரை கூடவே நின்று பார்த்தேன். பத்து கிலோ பாசுமதி, பத்து கிலோ ஆட்டுக்கறி. சமையல்காரர் ஒரு பாய், உதவிக்கு இரண்டு இளைஞர்கள், வெங்காயம் அரிய ஓர் அம்மா.

கறி மசாலாவில் வெந்து எண்ணெய் மேலே பிரிந்திருந்தது. பாய் அகப்பையால் கறியை ஒதுக்கிப் பார்த்தார். ஒதுக்கிய பள்ளத்தில் குழம்பு மெதுவாக ஊறி நிறைந்தது. சட்டென்று நிறைந்தால் தண்ணீர் அதிகம், அடிச்சோறு குழையும். நிறையாமலே நின்றால் அடி பிடிக்கும், மேல் அரிசி வேகாது. “அரிசிக்கு மீதித் தண்ணி இங்கேருந்துதான் வரணும் சார்” என்றார்.

அந்த மீதி எவ்வளவு? பத்து கிலோ அரிசி அரைமணி நேரம் ஊறினால் ஏறக்குறைய 13 கிலோ ஆகிறது. முழுதாக வெந்த சோறு 25 கிலோ அளவுக்கு வரும். முக்கால் பதத்தில் வடித்தால் 20 கிலோ சொச்சம். ஆக, நாலைந்து லிட்டர் தண்ணீரை அரிசி தம்மில்தான் குடித்தாக வேண்டும். அதை மசாலாவும் அதிலிருந்து எழும் ஆவியும் கொடுக்கின்றன. வடிதம்மின் சூட்சுமம் முழுக்க இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஆனால் தேக்சாவுக்குள் அந்தத் தண்ணீர் எல்லா அரிசிக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. அடியில் இருப்பது குழம்பில் தோய்கிறது, உச்சியில் இருப்பதற்கு ஆவி மட்டும். எல்லாவற்றையும் ஒரே பதத்தில் வடித்துக் கொட்டினால் கீழே களியாகும், மேலே விதை விதையாக நிற்கும். பாய் இதற்கு வைத்திருக்கும் வழி எளிமையானது. உலை அண்டாவைக் கவிழ்த்து வடிப்பதில்லை, ஜல்லிக்கரண்டியால் அள்ளுகிறார். முதலில் அள்ளியது அடியில் போகிறது. மீதி அரிசி உலையிலேயே கொதித்துக்கொண்டிருப்பதால், கடைசியில் அள்ளியது இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வெந்து உச்சிக்கு வருகிறது. அடுக்குக்கு அடுக்கு பதம் ஏறுகிறது. நான் அன்று கற்றதில் மிகப் பெரியது இதுதான்.

உலையில் தண்ணீர் அரிசியைப் போல ஐந்து ஆறு மடங்கு இருந்தது. தாராளமான தண்ணீரில் கொதித்தால், மணிகளை ஒட்டவைக்கும் கஞ்சி கரைந்து வடிந்துவிடும். உப்பு குழம்பைவிட ஒரு படி தூக்கலாக இருக்கவேண்டும், ஏனென்றால் அரிசி இழுத்துக்கொள்வது கொஞ்சம்தான். கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் பிழிந்தார். அரிசி போட்டு உலை மறுபடி கொதி வந்த ஐந்தாவது நிமிடம் ஒரு மணியை எடுத்து விரலிடையில் நசுக்கினார். ஓரம் மசிந்தது, நடுவில் வெள்ளையாக ஒரு கீற்று நின்றது. “தம்பி, அள்ளு!” என்றார். “சரி மாஸ்டர்” என்று கொதிக்கும் அண்டாவின் மேல் குனிந்த இளைஞனின் முன்கையில் பழைய ஆவித் தழும்புகள். முழங்கை வரை ஓர் உறை வாங்கிக் கொடுக்க எந்த வீட்டாருக்கும் தோன்றுவதில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

பிறகு கிளறல் கிடையாது. விளிம்பைச் சுற்றி ஈரத்துணி, மேலே மூடி. அடுப்பிலிருந்து சவுக்கு விறகை இழுத்துவிட்டுத் தணலை மட்டும் விட்டார். எரிந்த கங்குகளை மூடியின் மேல் பரப்பினார். மேல்நெருப்பு அரிசியை வேகவைக்க என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அதன் முக்கிய வேலை வேறு. மூடி குளிர்ந்திருந்தால் ஆவி அதில் பட்டு நீராகிச் சொட்டும், உச்சிச்சோறு நனைந்து பிசுபிசுக்கும். மூடி சுட்டுக்கொண்டிருந்தால் ஆவி ஆவியாகவே உள்ளே சுழலும்.

அரைமணி கழித்துக் கீழ்த்தணலையும் விலக்கினார். உடனே திறக்கவில்லை. கொதிசூட்டில் மணி மிக மென்மையாக இருக்கும், கரண்டி பட்டதும் உடையும். கால்மணி ஆறவிட்டால் இறுகிக்கொள்ளும். தம் உடைத்ததும் நடுவில் குத்தாமல், ஓரத்திலிருந்து தட்டால் சரித்து அடிவரை எடுத்தார். நீள நீளமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் வந்தது.

சீரகச் சம்பாவுக்கு இந்த நேரக்கணக்கு பொருந்தாது. மணி சிறியது, சீக்கிரம் வெந்துவிடும், அள்ளி முடிப்பதற்குள் பதம் தாண்டும். புது அரிசியும் வேண்டாம் என்கிறார் பாய், எவ்வளவு கவனித்தாலும் ஒட்டும்.

பிரியாணிக்கு ஆள் அமர்த்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பந்தி நேரத்தை முதல் நாளே சரியாகச் சொல்லிவிடுங்கள். அரிசியை உலையில் போட்ட பிறகு “சீக்கிரம் இறக்குங்க” என்று நெருக்காதீர்கள். அந்தக் கால்மணி ஆறலைப் பறித்தால் உடைந்த சோறுதான் இலைக்கு வரும்.