வெட்டுப்பட்ட விரலும் விபத்துப் பதிவேடும்

இ.எஸ்.ஐ. விதிகளின்படி தொழிற்சாலையில் ஒரு விபத்துப் பதிவேடு இருக்க வேண்டும். அதன் 11ஆம் எண் படிவத்தில் ஒரு கட்டம், விபத்து நேர்ந்த சமயத்தில் காயம்பட்டவர் சரியாக என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கிறது. பவர் பிரஸ் ஓடும் சிறு பட்டறைகளில் இதற்கு எழுதப்படும் பதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: "கவனக்குறைவால் கையை டைக்குள் விட்டுவிட்டார்." கேட்டது என்ன செய்தார் என்பது. வந்த பதிலோ அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்கிறது. காயம்பட்டவரே சொல்லி எழுதினாலும், அவரே பேனா பிடித்து எழுதினாலும் இந்த வரி மாறுவதில்லை. "என் கவனக்குறைவால்" என்று தொடங்கும், அவ்வளவுதான். தன் தவறைத் தானே ஒப்புக்கொள்வது நேர்மை என்றும், நேர்மையாக எழுதினால் அது நடுநிலை என்றும் நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்புதான் இங்கே சிக்கல். தன்மேல் பழி போட்டுக்கொள்வதும் ஒரு தீர்ப்புதான். காயம்பட்டவரிடம் பதிவேடு தீர்ப்பைக் கேட்கவில்லை, சாட்சியத்தைக் கேட்கிறது. கண்டதையும் ஊகித்ததையும் தெரியாததையும் தனித்தனியே வைத்து எழுதுவதுதான் இந்த இடத்தில் நடுநிலை. பழியை இரு தரப்புக்கும் சரிபாதியாகப் பங்கு வைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சொன்னால் எளிது, எழுதும்போதுதான் கஷ்டம் தெரியும். ஒரு விபத்தை எடுத்துக்கொள்வோம். வண்டி உதிரிபாகம் செய்யும் சிறிய யூனிட், இரவு ஷிப்ட். ஆபரேட்டர் ஒருவர் பழைய பிரஸ் ஒன்றில் வாஷர் அடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு பீஸ் டையில் ஒட்டிக்கொள்கிறது. விரலால் அதைத் தள்ளும் நேரத்தில் ரேம் மறுபடியும் இறங்கி, வலது ஆள்காட்டி விரலின் நுனி போய்விடுகிறது. இதை அவர் இரண்டு விதமாக எழுதக்கூடும். ஒன்று நாம் பார்த்த கவனக்குறைவு வரி. இன்னொன்று, "நிர்வாகத்தின் அலட்சியத்தால் பழுதான பிரஸ் என் விரலை வெட்டிவிட்டது." முதல் வரியை எழுதுபவர் வேலை போய்விடுமோ என்று பயந்தவர், இரண்டாவதை எழுதுபவர் கோபத்தில் இருப்பவர். இருவருமே ரேம் இரண்டாம் தடவை ஏன் இறங்கியது என்பது தங்களுக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்து எழுதுகிறார்கள். டையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றவருக்கு அது தெரிய வழியில்லை.

ஏன் தெரியாது என்பதற்கு அந்தப் பிரஸ் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பழைய மெக்கானிக்கல் பிரஸ்களில் ஃப்ளைவீல் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் கிளட்ச்சுக்குள் இருக்கும் சாவி ஃப்ளைவீலைக் கவ்விக்கொள்ளும், கிராங்க் ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும், ரேம் இறங்கி ஏறும். உச்சிக்கு வந்ததும் சாவி விலக, பிரேக் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும். கவ்விய பிறகு பாதியில் நிறுத்த வழியில்லை. ஒளித்திரை சென்சாரை இந்த வகைப் பிரஸ்ஸில் மாட்டினாலும் உதவாது என்பதற்கும் இதுவே காரணம். கை உள்ளே இருப்பதை சென்சார் கண்டுகொண்டாலும் ரேமை நிறுத்த அதனால் முடியாது. ஒரு மிதிக்கு இரண்டு ஸ்ட்ரோக் விழுந்தால் அதற்குக் காரணம் பலவாக இருக்கலாம். கால் பெடலிலேயே அழுந்தி இருந்திருக்கலாம். பெடலை மேலே இழுக்கும் ஸ்பிரிங்கோ சாவியை விலக்கும் ஸ்பிரிங்கோ தளர்ந்தோ உடைந்தோ போயிருக்கலாம். பிரேக் லைனிங் தேய்ந்து, ரேம் உச்சியில் நிற்காமல் வழுக்கி இறங்கியிருக்கலாம். முதலாவது ஆபரேட்டர் பக்கம் போகும், மற்றவை மெயின்டனன்ஸ் பக்கம் போகும். எது என்று கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். விரல் போன அந்த நொடியில் தன் கால் எங்கே இருந்தது என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

இப்போது அதே ஆபரேட்டர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "இரவு ஷிப்டில், சுமார் இரண்டே முக்கால் மணிக்கு, மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் வாஷர் அடித்துக்கொண்டிருந்தேன். பெடலை ஒருமுறை மிதித்தேன். ரேம் இறங்கி ஏறியது. பீஸ் டையில் ஒட்டிக்கொண்டது. வலது ஆள்காட்டி விரலால் தள்ளினேன். அப்போது ரேம் மறுபடி இறங்கியது. மறுபடி மிதித்ததாக நினைவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முன்பக்க கார்டு ஷிப்ட் தொடங்கும்போதே இல்லை. யார் கழற்றியது என்று எனக்குத் தெரியாது. பீஸ் எடுக்கும் இடுக்கி பக்கத்து மெஷினில் இருந்தது. அதை நான் எடுத்து வரவில்லை." இதில் அவருக்குப் பாதகமான வரிகள் இரண்டு இருக்கின்றன, காலைப் பற்றியது ஒன்று, இடுக்கியைப் பற்றியது ஒன்று. சாதகமானவையும் இருக்கின்றன. எதையும் அவர் எடைபோடவில்லை. அலட்சியம், பழுது, கவனக்குறைவு என்ற மூன்று சொற்களும் இந்த அறிக்கையில் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் தொழிற்சாலை ஆய்வாளர் என்ன செய்வார்? ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் கழற்றிக் காட்டச் சொல்வார், கார்டு எங்கே என்று கேட்பார். கவனக்குறைவு வரியைப் படித்தால் அவர் கேட்பதற்கு ஒன்றுமில்லை, விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். பகல் ஷிப்டில் இன்னொருவர் அதே பிரஸ்ஸில் உட்காருவார்.

இதற்கு முதலில் எழும் மறுப்பு, காயம்பட்டவரே எழுதினால் தன் பக்கம்தானே சாய்வார் என்பது. சாயலாம். ஆனால் அவருக்குப் பதிலாக எழுதுகிறவர் யார்? சூப்பர்வைசர். கார்டு இல்லாத மெஷினை ஓட்ட விட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவருக்கும் இதில் அக்கறை உண்டு, போதாக்குறைக்கு அவர் சம்பவ இடத்திலும் இல்லை. இரண்டு பேருக்கும் அக்கறை இருக்கும்போது பக்கத்தில் இருந்தவர் சொல்வதை முதலில் வாங்குவதுதான் முறை. சாட்சிக் கட்டத்திலும் இதே கவனம் வேண்டும். படிவம் இரண்டு சாட்சிகளின் பெயரைக் கேட்கிறது. அலறல் கேட்டு ஓடி வந்தவர் விபத்தைப் பார்த்தவர் அல்ல, விபத்துக்குப் பிந்திய நிலையைப் பார்த்தவர். அதையும் அப்படியே குறித்துவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

இரண்டாவது மறுப்பு கனமானது. இடுக்கியை எடுக்கவில்லை என்று தானே எழுதிக் கொடுத்தால் பணம் போய்விடாதா? தொழிற்சங்கத்துக்காரர்களே சில சமயம் "அதையெல்லாம் எழுதாதே தம்பி" என்பார்கள். இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு இந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 51பி பிரிவு, தொழிலாளி விதியை மீறியோ முதலாளியின் உத்தரவை மீறியோ செயல்பட்டிருந்தாலும், அது முதலாளியின் தொழிலுக்காகச் செய்த வேலையாக இருந்தால் வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ள வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஒட்டிய பீஸைத் தள்ளியது முதலாளியின் வாஷருக்காகத்தானே! இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவர் நிலை வேறு. அவருக்குப் பொருந்தும் இழப்பீட்டுச் சட்டத்தில் 1923 முதலே ஒரு விலக்கு உண்டு. தன் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது என்று தெரிந்தே ஒரு கார்டை வேண்டுமென்றே கழற்றினாலோ மதிக்காமல் விட்டாலோ, மரணமும் நிரந்தர முழு ஊனமும் அல்லாத காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. இங்கே பயம் நியாயமானது. ஆனால் அதற்குப் பரிகாரம் மறைப்பது அல்ல. "கார்டு கழற்றப்பட்டிருந்தது" என்று ஆள் இல்லாமல் எழுதினால், கழற்றியது இவர்தான் என்று படிக்க இடம் கிடைத்துவிடுகிறது. ஷிப்ட் தொடங்கும்போதே இல்லை என்ற வரி அந்த இடத்தை அடைக்கிறது. அவரே கழற்றியிருந்தால், எப்போது, யார் சொல்லி, எந்த வேலைக்காக என்பதை எழுத வேண்டும். பெரிய சைஸ் பீஸுக்கு கார்டு இடிக்கிறது, கழற்றிவிட்டு ஓட்டு என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தால், அந்தச் சொல்லும் சம்பவத்தின் ஒரு பகுதிதான். வேண்டுமென்றே செய்ததா இல்லையா என்று முடிவு செய்வது அதிகாரியின் வேலை.

காயத்தின் அளவு இன்னொரு வழுக்கும் இடம். சட்ட அட்டவணைப்படி ஆள்காட்டி விரலின் நுனி எலும்பு இழப்பின்றி வெட்டுப்பட்டால் சம்பாதிக்கும் திறன் இழப்பு 5 சதவீதம், ஒரு கணு போனால் 9 சதவீதம். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் உறவினர் "ஒரு கணு போச்சுன்னு எழுது" என்பார், அலுவலகத்திலிருந்து வந்தவர் "நுனியில் கீறல்" என்று எழுதச் சொல்வார். காயம்பட்டவர் எழுத வேண்டியது நகத்தோடு நுனி துண்டானதைப் பார்த்தேன், துண்டைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள் என்ற அளவோடு நிற்கலாம். எலும்பு போனதா என்பதை எக்ஸ்ரே சொல்லும், சதவீதத்தை மெடிக்கல் போர்டு சொல்லும்.

வலியில் இருப்பவனிடம் போய் இத்தனை நிதானத்தை எதிர்பார்ப்பது கொடுமை இல்லையா என்று கேட்டால், ஆமாம், கொடுமைதான். விதியும் அதை எதிர்பார்க்கவில்லை. தகவலை வாயால் சொன்னாலே போதும், எழுதுவது இன்னொருவராக இருக்கலாம், கையெழுத்துக்குப் பதில் கைரேகை வைக்கலாம். (வலது கட்டைவிரல் பிரஸ்ஸில் போனவரிடமும் படிவம் கைரேகை கேட்கத்தான் செய்கிறது.) தகவல் தந்த நேரத்துக்கும் விபத்து நடந்த நேரத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருப்பதால், இரண்டு நாள் கழித்துச் சொன்னால் அது இரண்டு நாள் கழித்துச் சொன்னதாகவே பதிவாகும். அதில் தவறில்லை. முதல் நாள் சொன்னதைத் திருத்தி எழுதுவதுதான் தவறு. வார்டில் படுத்திருக்கும்போது பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு வாரத்தில் அவர்கள் சொன்னதும் தான் கண்டதும் நினைவில் கலந்துவிடும். முந்தைய ஷிப்டிலும் அந்தப் பிரஸ் டபுள் ஸ்ட்ரோக் அடித்தது என்று ஒரு நண்பர் சொன்னால் அது முக்கியமான தகவல். அதைத் தேதி போட்டுத் தனிக் கடிதமாக, "இன்னார் சொல்லக் கேட்டேன்" என்று கொடுக்க வேண்டும். கோபத்துக்கும் தனி இடம் உண்டு. சங்கத்தின் மனுவும் இழப்பீட்டுக் கோரிக்கையும் அதற்காகவே இருக்கின்றன. அலட்சியம் என்ற சொல்லை அங்கே தாராளமாக எழுதலாம், பதிவேட்டில் இருக்கும் சாட்சியம்தான் அந்தச் சொல்லுக்குப் பலம் தரும்.

யாராவது உங்களுக்காக எழுதிக்கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டால், "என்ன செய்துகொண்டிருந்தார்" என்ற கட்டத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அதில் கவனக்குறைவு என்ற சொல் இருந்தால் அதை அடித்துவிட்டு, கை எங்கே இருந்தது, கார்டு இருந்ததா, ரேம் எத்தனை தடவை இறங்கியது என்று எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.