எங்கட சேர் மாமாவாகிட்டார்

எங்களோடு படிப்பிக்கும் சேரின் தங்கச்சிக்கு நேற்று பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ்.

செய்தி கேட்டதும் எங்களில் ஒருவர் "வாழ்த்துகள் சித்தப்பா" என்றார். சேர் சிரித்தார். "அண்ணன்ட பிள்ளைக்குத்தான் நான் சித்தப்பா. தங்கச்சிட பிள்ளைக்குத் தாய்மாமன்."

சித்தப்பாவை நாங்கள் சாச்சா என்போம். ஆனால் உம்மாவின் சகோதரன் எங்களுக்கும் மாமாதான்.

எங்களிடத்தில் 7ஆம் நாள் முடியிறக்கிப் பெயர் வைப்போம். அவர்களுக்கு 31ஆம் நாள் துடக்குக் கழிவு. பிறகொரு நாள் மாமன் மடியில் இருத்திக் காது குத்துவார்கள்.

அந்த மடியைப் பற்றிச் சேர் ஒன்று சொன்னார். 1984 டிசம்பரில் கொக்கிளாய்ச் சனம் இடம்பெயர்ந்தது. அதன்பிறகு வேறோர் ஊரில் பிறந்தவர் அவர். அவருக்குக் காது குத்தும்போது தாய்மாமன் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. பக்கத்துக் கொட்டில்காரர்தான் மடி கொடுத்தாராம். 2011க்குப் பிறகே அவர்கள் ஊர் திரும்பினார்கள். அதன்பின் அந்த வீட்டுக்கு வரும் முதல் பிள்ளை இவள்.

சேர், 31 கழியட்டும், தங்கச்சிக்குச் சரக்குத்தூளோடு வருகிறோம். காதுகுத்துக்கும் வருவோம். இந்தப் பிள்ளைக்கு மடி தேடத் தேவையில்லை. வாழ்த்துகள், மாமா!