விண்ணப்பத்தில் இருக்கும் சொல்லே மின்னஞ்சலிலும்

ஒவ்வொரு ஜூன் மாதமும் கல்லூரிச் சேர்க்கை தொடங்கியதும் எனக்கு இப்படிச் சில செய்திகள் வரும். "தோழர், தாலுகா ஆபீசுக்கு மெயில் போடப் போறேன், ஒரு தடவை பார்த்துக் கொடுங்க." பெரும்பாலும் சாதிச் சான்றிதழ் விவகாரம்தான். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாரங்கள் ஓடியிருக்கும். இணையத்தில் பார்த்தால் 'நிலுவை' என்று மட்டும் காட்டும். கல்லூரியோ கடைசித் தேதி சொல்லியிருக்கும்.

இவர்களில் பலர் எழுத்துப்பிழை பார்க்கத்தான் என்னிடம் அனுப்புகிறார்கள். ஒற்று விடுபட்டாலும் அலுவலகத்தில் யாரும் கோப்பை நிறுத்துவதில்லை. கோப்பு நிற்பது வேறு இடங்களில். ஒரு மாணவியின் மின்னஞ்சலை வைத்தே அதைச் சொல்கிறேன்.

அவர் அருந்ததியர். 2024 ஜூன் 3 அன்று விண்ணப்பித்திருந்தார். ஜூலை 1 அன்று எழுதிய வரைவில் இப்படி இருந்தது: "ஐயா, நான் ஆதி திராவிடர் வகுப்பைச் சேர்ந்த மிகவும் ஏழ்மையான குடும்பத்துப் பெண். என் சான்றிதழை ஏன் இன்னும் தரவில்லை? வேண்டுமென்றே தாமதம் செய்கிறீர்களா? தாங்கள் கருணை கூர்ந்து என் வாழ்க்கையைக் காப்பாற்றும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

முதலில் ஒப்புகைச் சீட்டை அனுப்பச் சொன்னேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்த மாதிரி மின்னஞ்சலைத் திருத்தவே முடியாது. சீட்டில் சாதி 'அருந்ததியர்' என்றிருந்தது. மின்னஞ்சலில் 'ஆதி திராவிடர்'. ஏன் மாற்றி எழுதினாய் என்று கேட்டேன். "ஆபீசுக்கு எழுதறோம், பொதுவா போடலாம்னு நெனச்சேன் தோழர்" என்றார். அந்தப் 'பொதுவா'வுக்குள் என்ன இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம்மில் பலருக்கு அது தெரியும்.

சிக்கல் என்னவென்றால், தமிழ்நாட்டில் 'ஆதி திராவிடர்' என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. பட்டியல் சாதிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக அரசே பயன்படுத்துகிறது. துறையின் பெயரிலேயே அது உண்டு. அதே நேரம், பட்டியலில் அது ஒரு தனிச் சாதியின் பெயராகவும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் சட்டப்படி, 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள் இடஒதுக்கீடு அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் என்ற ஏழு பெயர்களுக்குத்தான் உண்டு. அந்த ஏழில் ஆதி திராவிடர் இல்லை. சான்றிதழில் எந்தப் பெயர் வருகிறது என்பதைப் பொறுத்து அந்த 3 விழுக்காடு இருக்கும், அல்லது போகும்.

இந்த மாணவியின் அப்பாவுடைய பழைய சான்றிதழில் 'சக்கிலியன்' என்றிருந்தது. பிள்ளையின் விண்ணப்பத்தில் 'அருந்ததியர்'. ஏற்கெனவே இரண்டு பெயர்கள். இரண்டும் அந்த ஏழுக்குள் இருந்தாலும் விசாரிக்கிறவர் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார். மின்னஞ்சலில் மூன்றாவதாக ஒரு பெயரைக் கொடுத்தால், நிலையைக் கேட்கப் போன நாமே புதிய கேள்வி ஒன்றைக் கோப்பில் சேர்த்துவிடுகிறோம். ஆகவே சாதிப் பெயர், விண்ணப்பதாரர் பெயர், இனிஷியல், அப்பா பெயர், ஊர் எல்லாம் சீட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். விண்ணப்பத்திலேயே தவறு இருந்தால் அதைத் தனியாகத் திருத்தக் கேட்க வேண்டும்.

அடுத்தது கேள்விகள். "ஏன் தரவில்லை" என்ற கேள்விக்கு அலுவலகம் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாம். அந்த வரி பொய்யும் இல்லை, நமக்குப் பயனும் இல்லை. சாதிச் சான்றிதழ் கோப்பு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று கை மாறிப் போகிறது. தாமதம் இவற்றில் ஏதோ ஒரு மேசையில்தான் இருக்கும். எந்த மேசை, எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டால் பதிலில் ஒரு பதவியும் ஒரு தேதியும் வந்தாக வேண்டும். "வேண்டுமென்றே தாமதமா" என்ற வரியை எடுக்கச் சொன்னதற்குப் பயம் காரணம் இல்லை. தேதிகள் கையில் வரும் முன் அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை. தேதிகள் வந்தபின் அந்த வரி தேவைப்படாமலும் போகலாம்.

பிறகு கருணை, தாழ்மை. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்களிடமிருந்து நம் தாத்தா பாட்டி காலத்திலேயே வந்த சொற்கள் இவை. தகுதி உள்ளவருக்குச் சான்றிதழ் தருவது அலுவலகத்தின் கடமை. கருணை என்று நாமே எழுதினால், தராமல் இருப்பதும் அவர்கள் விருப்பம் என்று ஆகிவிடுகிறது. 'ஐயா, வணக்கம்' போதுமான மரியாதை. வறுமையைச் சொல்லும் வரியும் வேண்டாம். சாதிச் சான்றிதழுக்கு வருமானம் ஒரு நிபந்தனையே இல்லை. அவசரத்தைச் சொல்ல ஒரு தேதி போதும்.

திருத்தியபின் மின்னஞ்சல் இப்படி ஆனது:

> பொருள்: சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், எண் (சீட்டில் உள்ளபடி), நாள் 03.06.2024 – தற்போதைய நிலை கேட்டல்
>
> ஐயா, வணக்கம். மேற்கண்ட விண்ணப்பத்தை அருந்ததியர் வகுப்புச் சான்றிதழ் வேண்டி அளித்துள்ளேன். 28 நாட்களாகியும் இணையத்தில் நிலுவை என்றே உள்ளது.
>
> 1. விண்ணப்பம் இப்போது எந்த அலுவலரிடம், எந்தத் தேதி முதல் உள்ளது?
> 2. கூடுதல் ஆவணம் தேவையெனில் அது எது?
>
> கல்லூரியில் சான்றிதழ் சமர்ப்பிக்கக் கடைசி நாள் 12.07.2024. ஒப்புகைச் சீட்டை இணைத்துள்ளேன்.
>
> (பெயர், தந்தை பெயர், கிராமம், வட்டம், கைபேசி எண்)

விண்ணப்ப எண்ணைப் பொருள் வரியிலேயே போட்டது, படிக்கிறவர் மின்னஞ்சலைத் திறக்கும் முன்பே கணினியில் தேடிக்கொள்ள முடியும் என்பதற்காக. ஆதார் எண்ணை எழுதியிருந்தார், எடுத்துவிட்டோம். நிலையைப் பார்க்க விண்ணப்ப எண் போதும்.

நான்காம் நாள் இரண்டு வரியில் பதில் வந்தது. கோப்பு ஜூன் 11 முதல் கிராம நிர்வாக அலுவலரிடம் இருந்தது. அப்பாவின் சான்றிதழ் நகல் படிக்க முடியாதபடி பதிவேறியிருந்தது. மறுநாள் அப்பாவும் மகளும் அசலை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார்கள்.

எல்லா அலுவலகமும் பதில் எழுதாது. மின்னஞ்சல் வெறும் விசாரிப்புதான். இத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று அதை வைத்துக் கட்டாயப்படுத்த முடியாது. அந்தக் கட்டாயம் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் "ஏன்" என்று கேட்டால், அது பதிவேட்டில் உள்ள தகவல் அல்ல என்று தட்டிக்கழிக்க இடம் உண்டு. எந்த அலுவலரிடம் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் போனது என்பது பதிவேட்டில் இருக்கும் தகவல். ஆகவே மின்னஞ்சலில் கேட்ட முதல் கேள்வியை அப்படியே அந்த விண்ணப்பத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காமல், தேதி தெரியும்படி ஒரு நகல் எடுத்து அதோடு இணைத்து வையுங்கள்.