படத்தில் இருப்பதும் இல்லாததும்

குடியிருப்போர் சங்கங்களுக்கு உறுப்பினர் பட்டியல் தயாரித்துத் தருவது என் வேலைகளில் ஒன்று. பெரும்பாலும் கையில் கிடைப்பது வாட்ஸ்அப் குழுவின் ஸ்கிரீன்ஷாட்டுகள்தான். ஒரு சங்கத்திலிருந்து ஐந்து படங்கள் வந்தன. குழுவின் தலைப்பில் 46 உறுப்பினர்கள் என்று இருந்தது. அந்த எண்ணைத்தான் முதலில் குறித்துக்கொண்டேன். கடைசியில் கணக்கு அங்கே வந்து நிற்க வேண்டும்.

ஒவ்வொரு வரியும் யாருடைய வாய்ச்சொல் என்று பார்க்க வேண்டும். "பி3 மாமி" என்பது படம் எடுத்தவர் தன் போனில் சேமித்துக்கொண்ட பெயர். சேமித்த பெயர் தெரியும் இடத்தில் எண் தெரியாது. சேமிக்காதவர்களுக்கு +91 என்று தொடங்கும் எண்ணும், பக்கத்தில் "~ ஆதி அம்மா" போல ஒரு பெயரும் வரும். ~ குறி இருந்தால் அது அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். அதனால் பெயர், எண், பெயர் வந்த வழி என மூன்று பத்திகள் போடுகிறேன். மாமிக்கு எண் கட்டம் காலி. வேறு பட்டியலில் ஒரு மாமி கிடைத்தார் என்று அவர் எண்ணை இங்கே ஒட்டினால், தண்ணீர் லாரி வரும் செய்தி வேறு வீட்டுக்குப் போகும். "You" என்ற வரி படம் எடுத்தவரே; அவருக்கும் எண் காலிதான்.

எக்செல்லில் எண் பத்தியை முன்கூட்டியே டெக்ஸ்ட் ஆக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் 91 சேர்ந்த பன்னிரண்டு இலக்கம் 9.19E+11 என்று சுருங்கிப்போகும். இந்திய மொபைல் எண்ணில் பத்து இலக்கம் இருக்க வேண்டும், 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்க வேண்டும். ஆனால் 3-ஐ 8 என்று படித்துவிட்டால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் நசுங்கி இலக்கங்கள் மங்கும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி, ஐந்தைந்து இலக்கமாக உரக்கப் படித்து ஒப்பிடுகிறேன்.

மொத்தம் 49 வரிகள் வந்தன. ஒரு படத்தின் அடியில் இருந்த வரியே அடுத்த படத்தின் தலையிலும் இருந்ததால் மூன்று கூடுதல். எண் உள்ள வரிகளில் எண்ணை வைத்தே நீக்க வேண்டும். பெயரை வைத்து நீக்கினால் இரண்டு லட்சுமிகளில் ஒருவர் காணாமல்போவார். எண் இல்லாத வரிக்கு, அதன் மேலும் கீழும் உள்ள வரிகளைப் பார்த்து அதே வரிதானா என்று உறுதி செய்கிறேன். நீக்கியதும் 46 நின்றது.

பட்டியலைச் செயலாளருக்கு மட்டும் அனுப்பினேன். குழுவில் சேர்ந்தவர்கள் தண்ணீர், பராமரிப்புச் செய்திகளுக்காகத்தான் எண்ணைக் காட்டியிருக்கிறார்கள். வீட்டுமனைத் தரகருக்காக அல்ல. காலிக் கட்டங்களை அவரவரிடம் கேட்டே நிரப்பும்படி செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.