காற்றுக்கும் காசு உண்டு

சுங்கை வே என்றால் இன்றும் பலருக்கு நினைவுக்கு வருவது கூட்டரசு நெடுஞ்சாலை ஓரம் வரிசையாக நிற்கும் தொழிற்சாலைகள்தான். இப்போது அந்த இடத்துக்கு ஸ்ரீ செத்தியா என்று பெயர். ஆனாலும் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருந்த தலைமுறை இன்னும் சுங்கை வே என்றுதான் சொல்கிறது. அங்கே பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றில் நான் பராமரிப்புப் பொறியாளராக இருந்தபோது, 2022-ல் நிர்வாகத்துக்கு ஒரு முன்மொழிவு எழுதினேன். பழைய பிஸ்டன் கம்ப்ரெசரை எடுத்துவிட்டு ஸ்குரூ கம்ப்ரெசர் வாங்க வேண்டும் என்பதே விஷயம்.

வீட்டில் சொன்னபோது, "காற்றடிக்கிற மெஷினுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் வெள்ளியா?" என்று அம்மா கேட்டார். நிதி மேலாளரும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார். நியாயமான கேள்விதான். காற்று இலவசம். அதை அழுத்தி டேங்கில் நிரப்பும் மின்சாரம் இலவசம் இல்லை. மெஷின்களின் வால்வுகளை இயக்குவதும், அச்சிலிருந்து பொருளைத் தள்ளுவதும், தூசி ஊதுவதும் அந்தக் காற்றுதான். எங்கள் கம்ப்ரெசர் ஆண்டுக்குச் சுமார் 6,000 மணி நேரம் ஓடியது.

விற்பனையாளர் ஒருவர் கணக்கைத் தயாராகவே கொண்டு வந்திருந்தார். இரண்டேகால் ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும் என்றார். அந்தத் தாளை அப்படியே இணைத்து அனுப்பியிருந்தால் என் வேலை அரை நாளில் முடிந்திருக்கும். ஆனால் ஆறு மாதம் கழித்து மின் கட்டணம் சொன்னபடி குறையவில்லை என்றால், பதில் சொல்ல வேண்டியவன் அவரல்ல, நான். அதனால் முதலில் அளந்து பார்க்க முடிவு செய்தேன்.

எங்களுடையது இரண்டு கட்டமாகக் காற்றை அழுத்தும், தண்ணீரால் குளிரும் 75 கிலோவாட் பிஸ்டன் கம்ப்ரெசர். புதிதாக இருந்தபோது நிமிடத்துக்கு 12 கன மீட்டர் காற்று தந்தது. இப்போது எவ்வளவு தருகிறது என்று தெரிந்துகொள்ள விலை உயர்ந்த கருவி தேவையில்லை, கைக்கடிகாரம் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உற்பத்தி இல்லாத நேரத்தில், காற்று டேங்கின் வெளிவால்வை மூடினோம். காற்றை முழுதும் வெளியேற்றிவிட்டு, கம்ப்ரெசரை ஓட்டி 7 பார் அழுத்தம் வர எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்தோம். டேங்க் 3 கன மீட்டர். அது 7 பாருக்கு ஏற வெளிக்காற்று 21 கன மீட்டர் உள்ளே போக வேண்டும். புதிய மெஷினுக்கு 105 வினாடி போதும். எங்களுடையதற்கு 140 வினாடி ஆனது. அதாவது நிமிடத்துக்கு 9 கன மீட்டர்தான். ஆனால் மோட்டார் அதே 70 கிலோவாட்டை இழுத்துக்கொண்டிருந்தது. காற்றில் கால் பங்கு காணாமல் போயிருந்தது.

எங்கே போனது என்று எங்கள் மூத்த பிட்டர் அண்ணன் காட்டினார். அந்த மெஷினை இருபது ஆண்டாகப் பார்த்துக்கொண்டவர். வால்வு மூடிகளின் மேல் வெப்பமானியைக் காட்டினார். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகச் சுட்டது. "இந்த வால்வு சரியா மூடல, தம்பி. அழுத்தின காத்து திரும்பி வருது, அதையே மறுபடி அழுத்துது" என்றார். ஒரே காற்றை இரண்டு தடவை அழுத்த இரண்டு தடவை மின்சாரம் போகும். ரிங்குகளும் தேய்ந்திருந்தன.

அதே ஞாயிறு, வெளிவால்வைத் திறந்து தொழிற்சாலைக் குழாய்களுக்குக் காற்றை விட்டோம். ஒரு மெஷின்கூட ஓடவில்லை. ஆனாலும் கம்ப்ரெசர் 90 வினாடி காற்றடித்தது, 180 வினாடி ஓய்ந்தது, மறுபடி அடித்தது. மூன்றில் ஒரு பங்கு நேரம் வேலை செய்கிறது என்றால், 9-ல் மூன்றில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு 3 கன மீட்டர், கசிவுக்கே போகிறது என்று பொருள். அடுத்த இரண்டு வாரம் அண்ணனும் நானும் சோப்புத் தண்ணீர்ப் புட்டியோடு அலைந்தோம். இணைப்பிகள், நைந்த ஹோஸ்கள், எப்போதும் திறந்தே கிடந்த ஒரு வடிகால் வால்வு. செலவு சில நூறு ரிங்கிட், கசிவு 1.2-க்கு இறங்கியது.

இங்கேதான் முன்மொழிவு சிக்கலானது. கசிவை அடைத்ததால் வந்த சேமிப்பைப் புதிய மெஷினின் கணக்கில் எழுதக் கூடாது. அது பழைய மெஷினிலேயே கிடைத்துவிட்டது. விற்பனையாளரின் இரண்டேகால் ஆண்டில் இது கலந்திருந்தது. ஆகவே நான் நான்கு எண்களைத் தனித்தனியாக எழுதினேன். எல்லாம் உற்பத்தி நேரத்தின் சராசரி மின்சாரம், குளிர்நீர் பம்பும் சேர்த்து.

நாங்கள் தொடங்கிய நிலையில் 64 கிலோவாட். கசிவை அடைத்த பிறகு, அதே தேய்ந்த மெஷினில், 53. ரிங், வால்வு எல்லாம் மாற்றிப் பழைய மெஷினைப் புதுப்பித்தால், கணக்குப்படி 45. வேகம் மாறும் ஸ்குரூ கம்ப்ரெசர் வாங்கினால் 38.

மூன்றாவது எண்ணை எழுதக் கை தயங்கியது உண்மை. புதுப்பிக்க 45,000 ரிங்கிட்தான். முழுச் சுமையில் ஓடினால், நல்ல நிலையில் உள்ள இரண்டு கட்டப் பிஸ்டன் மெஷின் ஒரு கன மீட்டருக்கு இழுக்கும் மின்சாரம் சாதாரண ஸ்குரூவைவிடக் குறைவாகவே இருக்கும். 'பழசு என்றால் மின்சாரம் தின்னும்' என்ற பேச்சு எல்லா இடத்திலும் சரியல்ல. அதை மறைத்து எழுதினால், விஷயம் தெரிந்த ஒருவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே முன்மொழிவு விழுந்துவிடும்.

ஸ்குரூவின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எங்களுக்குத் தேவை சராசரியாக 5.7 கன மீட்டர். ஷிப்டுக்கு ஷிப்ட் ஏறும், இறங்கும். பிஸ்டன் மெஷின் அடிப்பது, ஓய்வது என்று மாறி மாறி ஓடும். அழுத்தம் 6.5-க்கும் 8 பாருக்கும் இடையே ஊசலாடும். ஒரு பார் கூடுதலாக அழுத்தினால் ஏறக்குறைய 7 விழுக்காடு மின்சாரம் கூடும். வேகம் மாறும் ஸ்குரூ, தேவைக்கு ஏற்ப மோட்டாரைக் குறைத்து, அழுத்தத்தை 6.5-லேயே நிறுத்தி வைக்கும்.

மலிவாக, 80,000 ரிங்கிட்டுக்கு, ஒரே வேகத்தில் ஓடும் ஸ்குரூவும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அது காற்றடிக்காமல் சும்மா சுற்றும்போதும் முழு மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு இழுக்கும். எங்கள் தேவைக்குக் கணக்குப் போட்டால் 44 கிலோவாட் வந்தது. புதுப்பித்த பழைய மெஷினுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. 'ஸ்குரூ' என்ற பெயருக்காக மட்டும் வாங்கியிருந்தால் 80,000 வெள்ளி போயிருக்கும், கட்டணம் குறைந்திருக்காது.

பிறகு பணக் கணக்கு. அப்போது எங்கள் நடுத்தர மின்னழுத்தக் கட்டணம் யூனிட்டுக்கு 33.7 சென். தேய்ந்த மெஷினோடு ஒப்பிட்டால் 15 கிலோவாட் மிச்சம். ஆண்டுக்கு 90,000 யூனிட், சுமார் 30,000 ரிங்கிட். 120,000 திரும்ப நான்கு ஆண்டு. புதுப்பித்த மெஷினோடு ஒப்பிட்டால் மிச்சம் 7 கிலோவாட்தான். ஆண்டுக்குச் சுமார் 14,000 ரிங்கிட். புதுப்பிக்கும் செலவைக் கழித்தாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் வால்வுகள் மறுபடி தேயும். அண்ணனின் பராமரிப்பு நோட்டுப்படி மூன்று ஆண்டில் மெஷின் பழைய நிலைக்கே வந்துவிடும். அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தால் சுமார் மூன்றரை ஆண்டு. இரண்டு பதில்களையும் அருகருகே எழுதினேன். அதிகபட்சத் தேவைக் கட்டணத்தில் வரக்கூடிய மிச்சத்தைச் சேர்க்கவில்லை. அது உறுதியாகக் கையில் வராத பணம்.

கூட்டத்தில் நிதி மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விற்க வந்தவர் இரண்டேகால் என்றார். நீங்கள் ஏன் கூடுதலாகச் சொல்கிறீர்கள்?" என்றார். மீதி சோப்புத் தண்ணீரில் வந்தது என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை வைத்தார். தனி மின்மானி பொருத்த வேண்டும். மூன்று மாத அளவை அவரிடம் காட்ட வேண்டும். கையெழுத்துக் கிடைத்தது.

மெஷின் ஆண்டின் இறுதியில் ஓடத் தொடங்கியது. காற்றால் குளிரும் மெஷின் என்பதால், அதன் சூட்டுக் காற்றைக் கூரைக்கு வெளியே தள்ள ஒரு குழாய் போட்டோம். நம் ஊர் வெயிலில், மூடிய அறையில் அது தன் சூட்டையே மீண்டும் இழுத்து, எண்ணெய் கொதித்து, தானாக நின்றுவிடும். இன்னொன்று, தேவைக்கு மேல் பெரிய மெஷின் வாங்கினால் எண்ணெய் போதிய சூடு ஏறாது. நம் ஈரக் காற்றின் தண்ணீர் எண்ணெயிலேயே தங்கிவிடும். காட்டும் கண்ணாடியில் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் அதுதான் அடையாளம்.

மூன்று மாத மின்மானிச் சராசரி 39. நான் எழுதியது 38. அந்த நேரத்தில், 2023-ன் முதல் ஆறு மாதத்துக்கு, எங்களைப் போன்ற தொழிற்சாலைகளுக்கு யூனிட்டுக்கு 20 சென் கூடுதல் கட்டணம் வந்தது. எதிர்பாராத அந்தச் சுமைதான் என் நான்கு ஆண்டுக் கணக்கைச் சுருக்கியது. 2025 ஜூலையில் கட்டண முறையே மாறிவிட்டது. ஆகவே இதைப் படித்து யாராவது கணக்குப் போடுவதாக இருந்தால், என் 33.7 சென்னை எடுக்க வேண்டாம். உங்கள் கடைசி மாதக் கட்டணத் தாளை எடுங்கள்.

பழைய மெஷினை நாங்கள் விற்கவில்லை. வால்வு மட்டும் மாற்றி, மாற்று மெஷினாக வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒரு தடவை அண்ணன் அதை அரை மணி நேரம் ஓட்டுவார். புதிய மெஷினில் அவருக்கு முதலில் பிடிப்பு வரவில்லை. "இதுல கை வைக்கவே இடமில்ல" என்பார். பிறகு ஒரு ஞாயிறு, உற்பத்தி இல்லாத நேரத்தில், அதன் திரையைப் பார்த்தார். எதுவும் ஓடாதபோது அது தரும் காற்று முழுதும் கசிவுதான். அந்த அளவு திரையிலேயே நிற்கிறது. முன்பு கடிகாரம் வைத்துக் கணக்கிட்டது இப்போது ஒரு பார்வையில் தெரிகிறது. அந்த எண் 1.2-ஐத் தாண்டினால், திங்கட்கிழமை காலை அண்ணன் யாரிடமும் கேட்காமல் சோப்புத் தண்ணீரைக் கரைக்கத் தொடங்கிவிடுவார்.