டவேயுனியை இரண்டாக வெட்டுவது

1903-லிருந்து 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து ஃபிஜித் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் போயின. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்தும் நிறையப் பேர் போனார்கள். எங்கள் ஆரணியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. இங்கிருந்து போனவர்கள் எங்கே இறங்கினார்கள், எந்தக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதையெல்லாம் ஒரு இணைய வரைபடத்தில் போட்டுப் பார்க்கலாமென்று சில மாதங்களாக வேலை செய்துகொண்டிருக்கிறேன்.

ஃபிஜியின் எல்லைக்கோடுகளை இறக்கித் திரையில் போட்டால், தீவுகள் இருக்க வேண்டிய இடத்தில் கூடவே சில நீளமான பட்டைகளும் வந்தன. வடக்கு ஆஸ்திரேலியாவை வெட்டி, மடகாஸ்கரைத் தாண்டி, ஆப்பிரிக்காவின் குறுக்கே போய், பொலிவியா வழியாகத் திரையின் இடது ஓரம் வரைக்கும் ஒரு நாடு இழுபட்டுக் கிடந்தது.

காரணம் எளிமையானது. தீர்க்கரேகையை லண்டனிலுள்ள கிரீன்விச்சிலிருந்து கிழக்கே +180 வரையும் மேற்கே -180 வரையும் எண்ணுகிறோம். இந்த இரண்டும் பூமியில் ஒரே கோடு. அந்தக் கோடு ஃபிஜியின் டவேயுனித் தீவின் மேலேயே போகிறது. தீவின் ஒரு கரையில் தீர்க்கரேகை 179.9, கொஞ்சம் நடந்து மறுபக்கம் போனால் -179.9. நடந்தவருக்கு அது ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். உலாவிக்குத் தெரிந்ததோ இரண்டு எண்கள்தான். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்க்கிறது, 359.8 பாகை வருகிறது, திரையின் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு விசுவாசமாக ஒரு கோடு போடுகிறது.

ஆரணியில் சேலைக்கு டிசைன் போடும் என் மாமாவிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் பூ வரைந்து, அதைப் பார்த்து ஜக்கார்டுக்கு அட்டை அடிக்கக் கொடுப்பது அவர் வேலை. ஒரு தாள் என்பது திரும்பத் திரும்ப வரும் டிசைனின் ஒரு சுற்று. பூவின் பாதி தாளின் வலது ஓரத்தில் முடிந்தால், மீதிப் பாதி இடது ஓரத்தில் தொடங்கும்.

"பாதிப் பூ இங்க, பாதிப் பூ அங்க. அவ்ளோதான? நடுவுல எதுக்குடா கோடு இழுக்குற?" என்றார்.

ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவத்துக்கான தரமும் இதையேதான் சொல்கிறது. 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7946, இந்தக் கோட்டைத் தாண்டும் உருவங்களை அங்கேயே வெட்டி இரண்டு துண்டாக வைக்கச் சொல்கிறது.

ஆனால் வெட்டுவதற்கு முன்னால் விரிக்க வேண்டும். தலைநகர் சுவாவிலிருந்து கிழக்கே லகெம்பா தீவுக்குப் போகும் ஒரு படகுப் பாதையை எடுத்துக்கொள்வோம். சுவா ஏறக்குறைய 178.4, -18.1. லகெம்பா -178.8, -18.2. தீர்க்கரேகை வித்தியாசம் -357.2. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில் 180 பாகைக்கு மேல் தாவல் இருந்தால், பாதை உலகத்தைச் சுற்றிப் போகவில்லை, ஓரத்தைத் தாண்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். 360-ஐக் கூட்டினால் லகெம்பா 181.2 ஆகிறது. இப்போது வித்தியாசம் வெறும் 2.8. நிரலில் இவ்வளவுதான்:

```
function unwrap(pts) {
  const out = [pts[0]];
  for (let i = 1; i < pts.length; i++) {
    let [x, y] = pts[i];
    const prev = out[i - 1][0];
    while (x - prev > 180) x -= 360;
    while (x - prev < -180) x += 360;
    out.push([x, y]);
  }
  return out;
}
```

முந்தைய புள்ளியை, ஏற்கெனவே விரித்த வரிசையிலிருந்து எடுப்பதைக் கவனியுங்கள். மூலத் தரவிலிருந்து எடுத்தால் ஓரத்தைத் தாண்டும் முதல் புள்ளி மட்டும் சரியாகும், அதற்கடுத்தது பழையபடி இடது ஓரத்துக்கு ஓடிவிடும்.

விரித்த பிறகு 180-இல் வெட்டலாம். 2.8 பாகையில் 1.6 கடந்ததும் கோடு வருகிறது. அட்சரேகை வித்தியாசத்திலும் அதே விகிதத்தை எடுத்தால் -18.16. முதல் துண்டு அந்த இடத்தில் 180 என்று முடியும். இரண்டாவது துண்டு அதே இடத்தில் -180 என்று தொடங்கும். தீவு போன்ற பரப்புகளுக்கும் இதே முறைதான். விரித்து, 180-இல் வெட்டி, அந்தப் பக்கம் விழுந்த துண்டிலிருந்து மட்டும் 360-ஐக் கழிக்க வேண்டும். கோப்பு பெரிதாக இருந்தால் `ogr2ogr` கருவியில் `-wrapdateline` என்று கொடுத்தால் அதுவே வெட்டித் தந்துவிடும்.

பட்டைகள் போனதும் வேலை முடிந்தது மாதிரிதான் தெரியும். கிட்டப்போய்ப் பார்த்தால் டவேயுனியின் நடுவில் செங்குத்தாக ஒரு மெல்லிய கோடு நிற்கும். வெட்டிய துண்டுக்கு வெட்டுவாயும் ஒரு ஓரம்தானே, உலாவி அதற்கும் கரை போடுகிறது. ஒரே தீவில் இரண்டு நாடுகள் இருப்பதாகப் பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். நான் உள்நிறத்துக்கு மட்டும் வெட்டிய பரப்பை வைத்துக்கொண்டு, கரைக்கோட்டை வெட்டுவாய் இல்லாத தனிக் கோடுகளாக மேலே போடுகிறேன்.

இன்னொன்று கண்ணில் படாது. வெட்டிய பிறகும் ஃபிஜியை அடக்கும் செவ்வகத்தை மிகச்சிறிய எண், மிகப்பெரிய எண் என்று கணக்கிட்டால் -180 முதல் 180 வரை என்றுதான் வரும். ஃபிஜியைச் சொடுக்கினால் வரைபடம் கிட்டப் போவதற்குப் பதில் உலகம் முழுவதையும் காட்டும். தேடலில் மடகாஸ்கரின் ஊர்களும் ஃபிஜிக்குள் வந்து சேரும். இதற்கான உதாரணமாக அந்தத் தரமே ஃபிஜியைத்தான் எடுத்துக்கொள்கிறது: `[177.0, -20.0, -178.0, -16.0]`. மேற்கு ஓரம் கிழக்கு ஓரத்தைவிடப் பெரிய எண்ணாக இருப்பது பிழையில்லை, பெட்டி கோட்டைத் தாண்டுகிறது என்பதற்கான அடையாளம். அதன் அகலம் 5 பாகை. எண்களை வரிசைப்படுத்தி 'சரிசெய்தால்' 355 பாகை ஆகிவிடும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. அந்த 180 பாகை விதி ஓர் ஊகம்தான். யாராவது உண்மையிலேயே -170-லிருந்து 170 வரை நான்கு மூலைகளோடு ஒரு பெரிய செவ்வகம் வரைந்திருந்தால், நிரல் அதை 20 பாகைப் பட்டையாகச் சுருக்கிவிடும். இடையில் புள்ளிகள் சேர்த்தால்தான் தப்பிக்கும். அண்டார்டிகா இன்னொரு விதம். கரையோரமாகச் சுற்றி வந்தால் தொடங்கிய இடத்துக்கே திரும்பினாலும் எண் 360 தள்ளி நிற்கும், வளையம் மூடாது. உள்ளே துருவம் இருக்கிறது என்று அர்த்தம். -90 அட்சரேகை வரை இறங்கி, அங்கே இரு மூலைகளைச் சேர்த்து மூட வேண்டும்.

என் வரைபடத்துக்கு வெட்டுவதே தேவைப்படவில்லை. ஆரணி 79-ஐ ஒட்டி இருக்கிறது. கப்பல்கள் அங்கிருந்து கிழக்கே 180 வரைக்கும் போகின்றன. அதனால் எதிர்ம எண்களுக்கெல்லாம் 360-ஐக் கூட்டி, 0 முதல் 360 வரை எண்ணினேன். ஃபிஜி திரையின் நடுவில் முழுசாக வந்து உட்கார்ந்தது. ஃபிஜியின் சொந்த நில அளவை வலைச்சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான். அதன் நடுக்கோடு 178.75-இல் இருக்கிறது, டவேயுனி அதில் எங்கும் கிழிவதில்லை.

ஆனால் உருண்டையைத் தட்டையாக்கினால் எங்கேயாவது கிழித்தே ஆக வேண்டும். 0-இல் தொடங்கும் என் வரைபடத்தில் கிழிசல் கிரீன்விச் வழியாகப் போகிறது. பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின், அல்ஜீரியா, கானா எல்லாம் இப்போது பட்டைகளாக இழுபட்டுக் கிடக்கின்றன. அவற்றையும் அதே நிரலால் 0-இல் வெட்டினேன். லண்டன் இரண்டு துண்டாகி, ஒன்று திரையின் இடது கோடியிலும் இன்னொன்று வலது கோடியிலும் நிற்கிறது.