எந்தச் சுந்தரபாண்டியன்?

ஊர் சுந்தரபாண்டியபுரம், தென்காசிப் பக்கம், கல்வெட்டு படிக்கிறவன் என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக வரும்: "உங்க ஊர் எந்தச் சுந்தரபாண்டியன் பேருல இருக்கு சார்?" ஊர்ப்பெயரை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. 13ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயரில் பல பாண்டியர் ஆண்டிருக்கிறார்கள்.

கல்லில் அரசன் பெயர் வரும் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "கோச்சடையபன்மரான திரிபுவனச் சக்கரவர்த்திகள் ஸ்ரீசுந்தரபாண்டிய தேவர்க்கு யாண்டு..." இதில் 'தேவர்' மரியாதைக்கு வருவது, அதை இன்றைய சாதிப் பெயராகப் படிக்கக் கூடாது. 'திரிபுவனச் சக்கரவர்த்திகள்' சோழரும் போட்டுக்கொண்ட விருது. 'சடையபன்மர்', அதாவது சடையவர்மன், பட்டத்துக்கு வரும்போது ஏற்கும் பெயர், இன்னொன்று மாறவர்மன். சோழர் இராசகேசரி, பரகேசரி என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டதைப் போலத்தான் இதுவும்.

பெயரடைவு தயாரிக்கிற இளைஞர்கள் இவற்றையெல்லாம் அலங்காரம் என்று கழித்துவிட்டு, 'சுந்தரபாண்டியன்' என்று மட்டும் அட்டையில் எழுதிக் கொண்டுவருவார்கள். பட்டம் வேறு, பெயர் வேறு என்று புரிந்துகொண்டது சரிதான். ஆனால் ஆளை அடையாளம் காட்டுவது அந்தப் பட்டந்தான். அதை வீசிவிட்டால் 1216இல் பட்டத்துக்கு வந்தவரும் 1251இல் வந்தவரும் ஒரே அட்டையில் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

வரியின் தொடக்கம் சிதைந்த ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். மைப்படியில் தெளிவாக விழுவது "சுந்தரபாண்டிய தேவர்க்கு யாண்டு 12" மட்டும். முதல் மாறவர்மன் சுந்தரபாண்டியன் என்றால் அது 1227-28. இரண்டாம் மாறவர்மன் 1238இல் வந்தவர். அவர் என்றால் 1249-50. முதல் சடையவர்மன் என்றால் 1262-63. பின்னால் வந்த சுந்தரபாண்டியர்களையும் விட்டுவிட முடியாது. அடுத்துப் பார்ப்பது மாதம், பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம். இவை எல்லாம் ஒரே நாளில் கூடிவருகிற ஆண்டு எது என்று கணித்தால் பெரும்பாலான பேர் கழிந்துபோவார்கள். கீல்ஹார்னும் சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் இந்த வழியில்தான் பாண்டியர் காலவரிசையைக் கட்டினார்கள், கும்பகோணம் ந. சேதுராமன் அதைப் பின்னாளில் திரும்பக் கணித்தார். கல்வெட்டில் கிழமையும் நட்சத்திரமும் இல்லையென்றால் 'சுந்தரபாண்டியன், பட்டம் சிதைந்தது' என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை.

சிறப்பு அடைமொழி கிடைத்தால் வேலை எளிதாகும். 'சோணாடு வழங்கியருளிய' என்று வந்தால், சோழநாட்டைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்த முதல் மாறவர்மன் என்று தயங்காமல் எழுதலாம். எல்லா அடைமொழியும் அப்படி இல்லை. 'எம்மண்டலமும் கொண்டருளிய' என்பது முதல் சடையவர்மனுக்கும் வரும், 1268இல் பட்டமேற்ற மாறவர்மன் குலசேகரனுக்கும் வரும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அம்பாசமுத்திரத்தை அடுத்த மன்னார்கோயிலில் 'சடையவர்மன்' என்று தொடங்கும் கல்வெட்டுகளைப் பார்த்ததும் பாண்டியன் என்று எழுதத் தோன்றும். அடுத்த சொல்லையும் படிக்க வேண்டும்: சுந்தர சோழபாண்டியன். அவர் முதலாம் இராசேந்திர சோழனின் மகன். பாண்டிய நாட்டை ஆள அப்பா அனுப்பிவைத்தவர். ஆளும் மண்ணின் வழக்கப்படி பாண்டியர் பட்டத்தைச் சூடிக்கொண்டார். 'சோழ' என்ற இரண்டு எழுத்து பொரிந்துபோயிருந்தால், 11ஆம் நூற்றாண்டு எழுத்தின் வடிவம்தான் காப்பாற்றும்.

அதிகாரிகள் பெயரில் குழப்பம் இதைவிடக் கூடுதல். காலிங்கராயன், பல்லவராயன், மழவராயன் எல்லாம் அரசன் கொடுத்த பட்டங்கள். 'இன்னார் ஆன பல்லவராயன்' என்று வந்தால் 'ஆன' என்பதற்கு முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர். சில பட்டங்களில் அரசன் பெயரே முன்னொட்டாக நிற்கும். குலசேகரப் பிரமராயன் என்பவரைக் குலசேகரனின் கீழ் எழுதினால் ஓர் அதிகாரி அரச குடும்பத்துக்குள் நுழைந்துவிடுவார்.

மழவராயன் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அரசன் ஆணையிட்ட இடத்தைச் சொல்லும்போது "பள்ளிக்கட்டில் மழவராயனில் எழுந்தருளியிருந்து" என்று வரும். இங்கே மழவராயன் ஆளே இல்லை. அரசன் அமர்ந்த அரியணைக்கு வைத்த பெயர். அதே கல்லின் கடைசியில் 'இவை மழவராயன் எழுத்து' என்று வந்தால் அவர் கையெழுத்திட்ட அதிகாரி. நாங்கள் இரண்டு அட்டை போடுகிறோம்: 'மழவராயன் (அரியணை)', 'மழவராயன் (அதிகாரி, இயற்பெயர் இல்லை)'. அந்த அதிகாரியின் இயற்பெயர் வேறொரு கல்லில் 'ஆன' என்ற சொல்லோடு கிடைக்கும் வரை, அவர் அட்டையில் பெயருக்கான இடம் காலியாகவே இருக்கும்.